கொல்வதா, குடியேறுவதா: லாம்டா ஃபேஜ் எப்படி முடிவெடுக்கிறது

ஈ. கோலை பாக்டீரியாவை அகார் தட்டின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பி, அதோடு பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜின் சில நூறு துகள்களைக் கலந்து இரவு முழுக்க வளரவிட்டால், காலையில் படலத்தில் அங்கங்கே ஓட்டைகள் தெரியும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரே ஒரு ஃபேஜிலிருந்து தொடங்கிய படுகொலையின் தடம். ஆய்வகங்களில் இதை பிளேக் என்பார்கள். டி7 போன்ற ஃபேஜின் பிளேக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஏனென்றால் அது தொட்டதையெல்லாம் கொன்றுவிடும். லாம்டா ஃபேஜின் பிளேக் அப்படி இருக்காது. ஓரம் தெளிவாகவும் நடு மங்கலாகவும் இருக்கும். அந்த மங்கல், படுகொலைக்கு நடுவே பிழைத்து மறுபடி வளர்ந்த பாக்டீரியாக்களின் கூட்டம்.

அவை பிழைத்தது ஃபேஜ் உள்ளே வராததால் அல்ல. உள்ளே வந்த ஃபேஜ் கொல்லாமல் தன் டி.என்.ஏ.வை பாக்டீரியாவின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொண்டு அடங்கிவிட்டது. பாக்டீரியா பிரியும்போதெல்லாம் ஃபேஜின் டி.என்.ஏ.வும் கூடவே நகலாகும். இப்படிக் குடியேறிய ஃபேஜுக்கு புரோஃபேஜ் என்றும், அதைச் சுமக்கும் பாக்டீரியாவுக்கு லைசோஜன் என்றும் பெயர். அதே ஃபேஜ், அதே பாக்டீரியா, அதே தட்டு. ஒரு செல் ஒரு மணி நேரத்துக்குள் வெடித்து நூறு போல ஃபேஜ்களை வெளியே விடுகிறது, பக்கத்துச் செல் எதுவும் நடக்காதது போல வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதற்கான விளக்கமாகப் பாடப்புத்தகங்கள் சொல்வது இதுதான்: சி-1, க்ரோ என்று இரண்டு தடைப்புரதங்கள், அதாவது டி.என்.ஏ.வில் அமர்ந்து மரபணு படிக்கப்படுவதை நிறுத்தும் புரதங்கள், ஒன்றையொன்று அடக்கப் போட்டியிடுகின்றன. சி-1 வென்றால் குடியேற்றம், க்ரோ வென்றால் கொலை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் முதலில் படித்தபோது எனக்கு ஒரு இடம் உறுத்தியது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன என்றால், முதலில் யார் முந்துவது என்று யார் சொல்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் போகுமுன் போட்டி நடக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம்.

லாம்டாவின் டி.என்.ஏ. 48,502 எழுத்து நீளம். அதில் எண்பது எழுத்துகூட வராத ஒரு சின்னப் பகுதியில்தான் இந்த மோதல் நடக்கிறது. அதன் இடது பக்கம் சி-1 புரதத்தின் மரபணு, வலது பக்கம் க்ரோவின் மரபணு. இரண்டும் முதுகுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அது இடப்பக்கம் படிக்கத் தொடங்கினால் சி-1 மரபணுவைப் படிக்கும். வலப்பக்கம் தொடங்கினால் முதலில் வருவது க்ரோ, அதைத் தாண்டினால் செல்லைக் கொல்லத் தேவையான மற்ற மரபணுக்கள். இப்படிப் படிப்பு தொடங்கும் இடத்துக்குத் தொடக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு வலது தொடக்கி, ஒரு இடது தொடக்கி.

இந்த இரண்டு தொடக்கிகளுக்கும் நடுவில், தடைப்புரதம் உட்காருவதற்கென்று மூன்று இருக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 17 எழுத்து. வலது ஓரத்தில் இருப்பதை முதல் இருக்கை, நடுவில் இரண்டாவது, இடது ஓரத்தில் மூன்றாவது என்று எண்ணுவது வழக்கம். முதல் இரண்டில் ஏதாவது உட்கார்ந்தால் வலது தொடக்கி மறைந்துபோகும், பாலிமரேஸுக்கு அங்கே இடமில்லை. மூன்றாவதில் உட்கார்ந்தால் இடது தொடக்கி மறையும்.

மூன்று இருக்கைகளின் எழுத்து வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முழுக்க ஒன்றல்ல. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. சி-1க்கு முதல் இருக்கை மற்றதைவிட சுமார் பத்து மடங்கு பிடிக்கும். க்ரோவுக்கு அப்படியே தலைகீழ்: அதற்கு மூன்றாவதுதான் முதல் விருப்பம். அதனால் கொஞ்சமாக சி-1 இருந்தாலே அது முதல் இருக்கையில் அமர்ந்து, க்ரோவையும் கொலைக்கான மரபணுக்களையும் நிறுத்திவிடும். கொஞ்சமாக க்ரோ இருந்தால் அது மூன்றாவதில் அமர்ந்து சி-1 உற்பத்தியை நிறுத்தும்.

சி-1க்கு இன்னொரு வேலையும் உண்டு. இடது தொடக்கி தன்னளவில் சோம்பேறி, பாலிமரேஸ் அங்கே அவ்வளவாக வந்து ஒட்டுவதில்லை. இரண்டாவது இருக்கையில் சி-1 உட்கார்ந்திருந்தால் அது பக்கத்தில் வரும் பாலிமரேஸைத் தொட்டுத் தூண்டுகிறது, படிப்பு பத்து மடங்கு போல வேகமாகிறது. அதாவது சி-1 எதிரியைத் தடுக்கும் அதே கையோடு தன்னையும் உற்பத்தி செய்துகொள்கிறது. அளவு மிஞ்சிப்போனால் மூன்றாவது இருக்கையிலும் அதுவே போய் உட்கார்ந்து, தன் உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஒரு லைசோஜன் செல்லில் சி-1 இரண்டு நூறு மூலக்கூறு அளவில் நிற்பதற்கு இந்தக் கடிவாளம் ஒரு காரணம்.

இவ்வளவு நேர்த்தியான அமைப்பைப் பார்த்தவுடன், முடிவும் இங்கேதான் எடுக்கப்படுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புதிதாக நுழைந்த ஃபேஜின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். செல்லுக்குள் சி-1 ஒன்றுகூட இல்லை. இடது தொடக்கியோ சி-1 இல்லாமல் வேலை செய்யாத சோம்பேறி. வலது தொடக்கி மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் ஓடும், ஓடியவுடன் முதலில் வருவது க்ரோ. இருக்கைகளின் கணக்கு மட்டுமே தீர்ப்பென்றால் ஒவ்வொரு முறையும் க்ரோதான் ஜெயிக்க வேண்டும், லாம்டாவின் பிளேக் ஒருபோதும் மங்கலாக இருக்கக் கூடாது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் சான்று, இருக்கைகளைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1957-ல் டேல் கைசர், மங்கல் நடு இல்லாமல் முழுத் தெளிவான பிளேக் தரும் லாம்டா பிறழ்வுகளைச் சேகரித்து வகைப்படுத்தினார். அவை மூன்று மரபணுக்களில் விழுந்தன. ‘தெளிவு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை வைத்து சி-1, சி-2, சி-3 என்று பெயர் வந்தது அப்போதுதான். (புரதத்தின் பெயரில் இருக்கும் ‘சி’க்கு வேறு ஆழமான பொருள் ஏதும் இல்லை, பிளேக்கின் தோற்றம்தான்.) மூன்றில் எது கெட்டாலும் தட்டில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் எங்கே வெளிப்பட்டது என்றால், சி-1 கெட்ட ஃபேஜையும் சி-2 கெட்ட ஃபேஜையும் ஒரே செல்லுக்குள் சேர்த்துவிட்டபோது. தனித்தனியாகக் குடியேறத் தெரியாத இவை சேர்ந்து வந்தால் லைசோஜன் உண்டாகிறது. ஒன்றிடம் இல்லாததை இன்னொன்று கொடுக்கிறது. அப்படி உண்டான லைசோஜன்களில் சி-2 கெட்ட புரோஃபேஜை மட்டும் தனியாகச் சுமப்பவை கிடைத்தன, அவை நிலையாகவும் இருந்தன. சி-1 கெட்டதை மட்டும் சுமப்பவை கிடைக்கவில்லை.

இதன் பொருள் என்னவென்றால், குடியேறுவதற்கு சி-2 வேண்டும், குடியேறிய பிறகு அது தேவையில்லை. சி-1 கடைசிவரை வேண்டும். உள்ளே நுழைவதும் உள்ளே தங்குவதும் இரண்டு தனித்தனி வேலைகள். பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் சி-1, க்ரோ சண்டை பெரும்பாலும் இரண்டாவது வேலையைப் பற்றியது. முதல் வேலையின் நாயகன், அந்தப் படத்தில் ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் சி-2.

சரி, நுழைந்த பிறகு நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். ஃபேஜின் டி.என்.ஏ. உள்ளே வந்தவுடன் வலது தொடக்கியும், வேறோர் இடத்தில் இருக்கும் இன்னொரு ஆரம்பத் தொடக்கியும் ஓடத் தொடங்குகின்றன. முதலில் கிடைப்பது க்ரோவும், ‘என்’ என்ற ஒரு புரதமும். மரபணு வரிசையில் அங்கங்கே இருக்கும் நிறுத்தங்களில் பாலிமரேஸ் இறங்கிவிடாமல் தொடர்ந்து ஓட வைப்பது ‘என்’னின் வேலை. அது வந்த பிறகு அடுத்தடுத்த மரபணுக்கள் படிக்கப்படுகின்றன: சி-2, சி-3, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் புரதங்கள், கடைசியில் ‘க்யூ’. க்யூ போதுமான அளவு சேர்ந்துவிட்டால் தலை, வால், செல் சுவரை உடைக்கும் புரதங்கள் எல்லாம் உற்பத்தியாகும், அப்புறம் திரும்பி வர வழியில்லை. அதுவரைக்கும் இரண்டு பாதைக்கும் ஒரே ஆரம்பம்தான். கொல்லப்போகும் ஃபேஜையும் குடியேறப்போகும் ஃபேஜையும் இந்தக் கட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த இடைவெளியில் சி-2 சேர்ந்துவிட்டால் அது மூன்று காரியம் செய்கிறது. முதலாவதாக, சி-1 மரபணுவுக்கு அப்பால், க்ரோவுக்கும் வலது பக்கம், வேறொரு தொடக்கியை இயக்கிவிடுகிறது. சோம்பேறி இடது தொடக்கியை நம்பாமல், அங்கிருந்து பாலிமரேஸ் இடப்பக்கமாக ஓடி வந்து சி-1 மரபணுவைப் படித்துத் தள்ளுகிறது. அது வரும் வழியில் க்ரோ மரபணுவையும் எதிர்த்திசையில் கடந்துதான் வர வேண்டும், அதனால் க்ரோவுக்கும் கொஞ்சம் இடைஞ்சல். இரண்டாவதாக, ஃபேஜ் டி.என்.ஏ.வை வெட்டிக் குரோமோசோமில் ஒட்டும் இன்டக்ரேஸ் நொதியை உற்பத்தி செய்ய வைக்கிறது. மூன்றாவதாக, க்யூ மரபணுவுக்கு எதிரான ஒரு ஆர்.என்.ஏ.வை உண்டாக்கி, கொலைப் பாதையைத் தாமதப்படுத்துகிறது. ஒரே கையெழுத்தில் மூன்று உத்தரவு.

அப்படியென்றால் கேள்வி சி-2 எவ்வளவு சேரும் என்பதாக மாறுகிறது. இங்கேதான் பாக்டீரியாவே உள்ளே வருகிறது. ஈ. கோலையிடம் எஃப்.டி.எஸ்.எச். என்ற ஒரு புரத அரவை இயந்திரம் இருக்கிறது, வேறு வேலைகளுக்காக இருப்பது. அதற்கு சி-2 மிகவும் சுலபமான இரை. உற்பத்தியான சி-2 சில நிமிடங்களிலேயே துண்டாகிப் போகிறது. சி-3யின் வேலை அந்த இயந்திரத்தின் வாயில் தானே போய் மாட்டிக்கொண்டு சி-2வுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருவது. இந்த இயந்திரம் பழுதான பாக்டீரியாப் பிறழ்வுகளில் லாம்டா கிட்டத்தட்ட எப்போதும் குடியேறுகிறது, கொல்வது அபூர்வம். தீர்ப்பு சி-2வின் ஆயுளில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இப்போது ஒரு செல்லில் ஒரு ஃபேஜ் நுழைவதையும், நான்கைந்து ஃபேஜ்கள் ஒரே சமயத்தில் நுழைவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மரபணு நகல்கள் ஐந்து மடங்கு இருந்தால் சி-2 உற்பத்தியும் அதற்கேற்ப, சி-3யும் அதற்கேற்ப. அரவை இயந்திரம் மட்டும் அதே எண்ணிக்கைதான். ஆக, தனியாக வந்த ஃபேஜின் சி-2 அரைபட்டுப் போகிறது, கூட்டமாக வந்தவற்றின் சி-2 தப்பித்துச் சேர்கிறது. நன்றாகச் சாப்பிட்டு வேகமாக வளரும் செல்லில் ஒற்றை ஃபேஜ் பெரும்பாலும் கொல்லும், பல ஃபேஜ்கள் சேர்ந்தால் குடியேறும் வாய்ப்பு ஏறும் என்பது 1970-களிலேயே அளந்து காட்டப்பட்டது. பட்டினி கிடக்கும் செல்லிலும் குடியேற்றம்தான் அதிகம். ஃபேஜின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு புரியும். ஒரு செல்லுக்குப் பல ஃபேஜ் என்றால் வெளியே இரை குறைந்துவிட்டது. இப்போது கொன்று நூறு ஃபேஜை வெளியே விட்டால் அவற்றுக்குப் போக இடமில்லை. (ஃபேஜ் இதையெல்லாம் யோசிக்கவில்லை, இந்தச் சூழலில் அடங்கிப்போனவற்றின் வாரிசுகள்தான் நம் கையில் இருக்கின்றன.)

பல ஃபேஜ்கள் நுழைந்தால் அவற்றின் சி-2 எல்லாம் ஒரே குட்டையில் கலந்து மொத்தமாக ஒரு தீர்ப்பு வரும் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 2010-ல் லான்யிங் ஸெங், ஐடோ கோல்டிங் குழுவினர் நிறம் பொருத்திய ஃபேஜ்கள் ஒவ்வொன்றும் செல்லின் மேல் இறங்குவதை நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டே, அந்தந்தச் செல்லின் கதி என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் தரவுக்குப் பொருந்திய விளக்கம் வேறு மாதிரி இருந்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபேஜ் டி.என்.ஏ.வும் தனித்தனியாக முடிவெடுப்பது போலத் தெரிந்தது, எல்லாமே குடியேற்றத்துக்குச் சம்மதித்தால்தான் குடியேற்றம். ஒன்று கொலைப் பக்கம் போனாலும் செல் வெடித்துவிடும். இது எனக்குக் கொஞ்சம் வியப்பாகவே இருந்தது, ஏனென்றால் ஓரிரு மைக்ரான் நீளச் செல்லுக்குள் புரதங்கள் கலந்துபோகாமல் இருப்பது எளிதில் நம்பக்கூடியதல்ல. ஆனால் பின்னால் யோசித்தால் கொலைக்கு ஒரு ஓட்டு போதும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. செல் வெடிக்க அதன் சுவர் ஒரு முறை உடைந்தால் போதுமே.

இந்தக் கதையில் க்ரோ எங்கே போனது? சி-1 உற்பத்தியை மூன்றாவது இருக்கையிலிருந்து நிறுத்துவதுதான் அதன் முக்கியப் பங்கு என்றால், க்ரோ கெட்ட ஃபேஜ் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். அது சரியாகக் கொல்ல முடியாமல் தடுமாறுகிறது, குடியேற்றத்தின் பக்கம் மிதமிஞ்சிச் சாய்கிறது. காரணம் பெருமளவு சி-2 வழியாகத்தான் வருகிறது. க்ரோ கொஞ்சம் அதிகமானால் முதல், இரண்டாம் இருக்கைகளிலும் அமரும், வலது தொடக்கியின் வேகத்தைக் குறைக்கும். அந்தத் தொடக்கியிலிருந்துதான் சி-2வும் வருகிறது. ஆகவே க்ரோ இருந்தால் சி-2 அளவோடு நிற்கும், க்ரோ இல்லாவிட்டால் சி-2 பெருகிக்கொண்டே போகும். புதிய தொற்றில் க்ரோ கொலைக்கு உதவுவது, தன்னையும் தன் கூட்டாளிகளையும் சேர்த்துக் கட்டுக்குள் வைப்பதால். போட்டிப் படத்தில் இது தெரியாது.

இருக்கைகளின் நேர்த்தி தன் மதிப்பைக் காட்டுவது லைசோஜன் செல்லில். அங்கே சி-1 தலைமுறை தலைமுறையாக வலது தொடக்கியை மூடி வைத்திருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டு பாக்டீரியாவின் டி.என்.ஏ. சிதைந்தால் நிலைமை மாறும். சிதைந்த இடத்தில் ரெக்-ஏ புரதம் சங்கிலி போல ஒட்டிக்கொள்ளும், அதைத் தொட்ட சி-1 தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்ளும். 236 அமினோ அமிலங்களில் 111-க்கும் 112-க்கும் நடுவில் அந்த வெட்டு. இருக்கையைப் பிடிக்கும் பாதியும் ஜோடி சேர உதவும் பாதியும் பிரிந்துவிட்டால், ஜோடியாக மட்டுமே நன்றாக அமரத் தெரிந்த சி-1 கழன்றுவிடுகிறது. மூழ்கும் கப்பலிலிருந்து ஃபேஜ் குதித்துவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பூட்டு சாதாரண நாட்களில் அசையக் கூடாது, ஆபத்து நேரத்தில் சட்டென்று திறக்கவும் வேண்டும். இருக்கையில் ஒற்றை மூலக்கூறு தனித்தனியாக வந்து அமருவதாக இருந்தால் இது நடக்காது. 100-க்கு 99 நேரம் இருக்கை நிரம்பியிருக்க ஒரு குறிப்பிட்ட அளவு புரதம் வேண்டும் என்றால், அந்த நிரம்பலைப் பாதியாகக் குறைக்க புரதத்தை 99 மடங்கு குறைக்க வேண்டியிருக்கும். 200 மூலக்கூறில் 198 அழிந்தால்தான் பூட்டு பாதி திறக்கும். நான்கு மூலக்கூறுகள் கைகோத்துச் சேர்ந்துதான் அமர முடியும் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு 99-இன் நான்காம் மூலம் ஆகிறது, சுமார் 3 மடங்கு. 200-இல் 140 போனாலே பாதி திறந்துவிடும். சி-1 செய்வது இந்த மாதிரிதான்: இரண்டு சேர்ந்து ஒரு ஜோடி, முதல் இருக்கையின் ஜோடி இரண்டாம் இருக்கையின் ஜோடியைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு 2,400 எழுத்து தள்ளி இருக்கும் இன்னொரு மூன்று இருக்கைத் தொகுதியில் அமர்ந்த ஜோடிகளோடும் டி.என்.ஏ.வை வளைத்துக் கைகோக்கிறது. கைகோப்பு கூடக் கூட, திறப்பின் விளிம்பு கூர்மையாகிறது.

விளிம்பைத் தாண்டியவுடன் வலது தொடக்கி திறக்கிறது, முதலில் வருவது வழக்கம்போல க்ரோ, அது மூன்றாவது இருக்கையில் போய் அமர்ந்து சி-1 மறுபடி உற்பத்தியாகும் வழியை அடைக்கிறது. இதில்கூட இருக்கைகளின் வரிசை அவ்வளவு புனிதமானதா என்று ஜான் லிட்டில் குழுவினர் 1999-ல் சோதித்தார்கள். மூன்றாவது இருக்கையை எடுத்துவிட்டு அங்கே முதல் இருக்கையின் நகலை வைத்தார்கள். இன்னொரு ஃபேஜில் முதல் இருக்கையின் இடத்தில் மூன்றாவதன் நகல். இரண்டும் குடியேறின, புற ஊதா பட்டால் வெளிவந்தன, கொல்லவும் செய்தன. எவ்வளவு கதிர் பட்டால் திறக்கும் என்பது போன்ற அளவுகள்தான் மாறின.

அப்படியானால் இரண்டு தடைப்புரதங்கள் மட்டுமே இருந்தால், சி-2 இல்லாமல், என்ன நடக்கும் என்று பார்க்க முடியுமா? 1970-வாக்கில் அதையும் பார்த்துவிட்டார்கள். கொல்லத் தேவையான மரபணுக்களும் ‘என்’னும் செயலிழந்த ஒரு ஊனமான புரோஃபேஜை எடுத்தார்கள். அதன் சி-1, 30 டிகிரியில் வேலை செய்து 42 டிகிரியில் குலைந்துபோகும் பிறழ்வு. 30 டிகிரியில் வளர்த்தால் செல் சி-1 நிறைந்து, வெளியிலிருந்து வரும் லாம்டாவுக்கு இடம் கொடுக்காது. 42-க்குச் சூடேற்றினால் சி-1 போய் க்ரோ சேர்கிறது, செல் சாகவில்லை, ஏனென்றால் கொல்ல ஆளில்லை. சுவாரசியம் இதற்குப் பிறகு. திரும்ப 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சி-1 இப்போது வேலை செய்யக்கூடிய நிலையில் உற்பத்தியாகலாம், ஆனால் உற்பத்தியாகவில்லை. மூன்றாவது இருக்கையில் க்ரோ உட்கார்ந்திருக்கிறது. பல தலைமுறைகள் கழித்தும் அந்தச் செல்களின் வாரிசுகள் லாம்டாவுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தன. ஒரே டி.என்.ஏ., ஒரே வெப்பநிலை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலனிகள். ஒன்று ஒருபோதும் சூடாகாதது, மற்றது எப்போதோ சூடானது. எப்போதாவது ஒரு செல் தானாகத் திரும்பி சி-1 பக்கம் வந்துவிடும்.